ஆச்சி பதில் சொல்ல இடம் வேண்டும்

அம்பாசமுத்திரத்து ஆச்சிக்கு ஆனி அனுஷத்தில் 80 நிறைகிறது. பிள்ளைகள் மூன்று பேர், பேரன் பேத்திகள் எட்டுப் பேர், கொள்ளுப்பேரன் ஒருவன். இந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட இப்போது ஊரில் இல்லை. சென்னை, மும்பை, சிங்கப்பூர், துபாய், டாலஸ் என்று ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள். எல்லோரிடமும் ஒரு வாழ்த்து வீடியோ வாங்கி, ஒன்றாக ஒட்டி அனுப்பலாம் என்று சென்னைப் பேத்தி முடிவு செய்தார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டார்: "எல்லாரும் ஆச்சிக்கு ஒரு விஷ் வீடியோ அனுப்புங்க."

நான்கு நாளில் ஆறு கிளிப் வந்தன. ஆறிலும் ஏறத்தாழ ஒரே பேச்சுதான். "ஹேப்பி பர்த்டே ஆச்சி. நூறு வயசு நல்லா இருக்கணும். லவ் யூ, மிஸ் யூ." அனுப்பியவர்கள் யாரும் ஏனோதானோ என்று பேசவில்லை. துபாய்ப் பேரன் அலுவலக உடையில், வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் நின்று பேசியிருந்தான். ஆனால் ஆறையும் வரிசையாக ஓட விட்டபோது, மூன்றாவது ஆள் பேசத் தொடங்கியதுமே கவனம் நழுவியது. இன்னும் ஆறு பேர் இதையே சொன்னால் ஆச்சியின் நிலை என்னவாகும்?

தவறு கேட்ட விதத்தில் இருந்தது. "விஷ் அனுப்புங்க" என்றால் விஷ்தான் வரும். அதிலும் குழுவில் முதலில் விழும் கிளிப் மற்றவர்களுக்கு அச்சாகிவிடுகிறது. இரண்டாமவர் அதைப் பார்த்துவிட்டு அதே மாதிரி பேசுகிறார், மூன்றாமவர் இருவரையும் பார்த்துப் பேசுகிறார். சினிமாவுக்கு வசனம் எழுதுவதுபோல இந்த வகை வீடியோவுக்கு எழுத முடியாது. பேசப்போகிறவர்கள் நடிகர்கள் அல்லர். இங்கே ஸ்கிரிப்ட் எழுதுவது இரண்டு தடவை நடக்கும் வேலை. முதல் தடவை எழுதப்படுவது கேள்விகள். கிளிப்கள் வந்து சேர்ந்தபிறகு, இரண்டாம் தடவையில்தான் எது முன்னே, எது பின்னே என்ற வரிசை எழுதப்படுகிறது.

முன்பின் தெரியாத ஆட்கள் அனுப்பிய துண்டுகளைக் கொண்டே ஒரு முழுநீளப் படம் எடுக்கப்பட்டிருக்கிறது. 2011இல் வெளியான 'லைஃப் இன் எ டே'. 2010 ஜூலை 24 என்ற ஒரே நாளில் உலகெங்கும் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 80,000 கிளிப்கள், 4,500 மணி நேரம் ஓடக்கூடிய காட்சிகள் யூடியூப் வழியாக வந்தன. அதிலிருந்து ஒன்றரை மணி நேரப் படம் தேறியது. இயக்குநர் கெவின் மெக்டொனால்டு "உங்கள் நாளைப் படம் பிடித்து அனுப்புங்கள்" என்பதோடு நிறுத்திவிடவில்லை. எதை நேசிக்கிறீர்கள், எதற்குப் பயப்படுகிறீர்கள், உங்கள் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று எல்லோரிடமும் கேட்டார். அந்தக் கடைசிக் கேள்வியைக் கவனிக்க வேண்டும். பாசத்தைப் பற்றிக் கேட்டால் யாரும் தடுமாறுவார்கள். பையில் இருப்பதைக் கேட்டால் கை தானாகப் பைக்குள் போகும், வாயும் பேசத் தொடங்கும்.

சென்னைப் பேத்தி ஆறு கிளிப்பையும் ஓரமாக வைத்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார். இந்தத் தடவை குழுவில் எதுவும் போடவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்செய்தி, ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு கேள்வி. அந்த ஆளால் மட்டுமே பதில் சொல்ல முடிகிற, கையில் எடுத்துக் காட்ட ஒரு பொருள் இருக்கிற கேள்வியாக அது இருக்கும்படி பார்த்துக்கொண்டார். மூத்த பெரியப்பாவிடம், முதல் வேலைக்கு ரயிலேறிய அன்று ஆச்சி என்ன கட்டிக் கொடுத்தார் என்று கேட்டார். துபாய்ப் பேரனிடம், ஆற்றுப் படித்துறையில் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்த கதையைக் கேட்டார். மும்பை அக்காவிடம், "சொதி வைக்கிற அன்னைக்கு அடுப்படியில நின்னு பேசுக்கா" என்றார். டாலஸில் இருக்கும் ஐந்து வயதுக் கொள்ளுப்பேரனுக்குத் தமிழில் நாலு வார்த்தைக்கு மேல் வராது. அவன் அம்மாவுக்குப் போன செய்தி இது: "அவனப் பேச வைக்க வேண்டாம். கல்லிடைக்குறிச்சி அப்பளம் உங்க ஊர்க் கடையில கிடைச்சா ஒண்ணு பொரிச்சுக் கையில குடுங்க. கடிக்கிற சத்தம் கேக்கணும்."

ஒருவருக்கு இருபது விநாடி என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு பேருக்கு நான்கு நிமிடம் ஆகிறது. இடையிடையே வரும் படங்களையும் தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்தால் ஆறு நிமிடத்துக்குள் அடங்கும். ஒரே இடத்தில் உட்கார்ந்து, திரையில் முகம் மாறிக்கொண்டே இருப்பதைத் தொடர்ந்து பார்க்க 80 வயதில் அதற்கு மேல் சிரமம்தான். இருபது விநாடி என்பது நிதானமாகப் பேசினால் சுமார் முப்பது சொல். அதற்குள் மூன்று விஷயம் வந்துவிட வேண்டும். யார் பேசுகிறார் என்பது முதலில். அந்த ஒரு நினைவு அடுத்து. ஆச்சியிடம் ஒரு கேள்வி கடைசியில். கண்புரை உள்ளவர்களுக்கு வளர்ந்த பேரனின் தாடி முகம் சட்டென்று பிடிபடாது. "ஆச்சி, நான் உங்க ரெண்டாவது மகன் வயித்துப் பேரன், துபாய்லேர்ந்து பேசறேன்" என்று காதில் விழுந்துவிட்டால் கண்ணுக்கு வேலை குறையும். எழுதிவைத்து வாசிக்கக் கூடாது. வாசிக்கிறவரின் கண் காகிதத்துக்கும் கேமராவுக்கும் ஓடுவது பார்ப்பவருக்கு அப்படியே தெரியும்.

படம் பிடிப்பதற்கான குறிப்புகளை அந்தக் குரல்செய்தியின் கடைசியில் சேர்த்துவிட்டால் போதும். டிவியில் பார்க்கப்போவதால் போனைப் படுக்கை வசமாகப் பிடிக்க வேண்டும். முகத்துக்கும் போனுக்கும் ஒரு கை நீளம் இருக்கட்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும், எதிரில் இருக்கட்டும். மின்விசிறியை அணைக்க வேண்டும். பதிவு தொடங்கியதும் மூன்று விநாடி சும்மா சிரித்துவிட்டு அப்புறம் பேச வேண்டும், பேசி முடித்தும் மூன்று விநாடி அப்படியே இருக்க வேண்டும். இந்த மூன்று விநாடிகள்தான் வெட்டுகிறவருக்குப் பிடிமானம். அவை இல்லாவிட்டால் "ஆச்சி" என்ற முதல் சொல்லின் பாதி கத்தரியில் போய்விடும்.

அனுப்பும்போதும் ஒரு சறுக்கல் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் வீடியோவாக அனுப்பினால் அது கோப்பைச் சுருக்கிவிடும். போனில் பார்க்கும்போது தெரியாத மங்கல் டிவியில் பூதாகரமாகத் தெரியும். அதே கோப்பை 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பினால் எடுத்தபடியே வந்து சேரும். சுருங்கியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கக் கோப்பின் அளவைப் பார்த்தால் போதும். 1080 தரத்தில் எடுத்த இருபது விநாடி வீடியோ, போனைப் பொறுத்து 20 முதல் 40 எம்பி வரை இருக்கும். மூன்று நான்கு எம்பியாக வந்திருந்தால், சுருக்கப்பட்டு வந்திருக்கிறது என்று சொல்லித் திரும்ப அனுப்பச் சொல்லலாம். மறுபடியும் நடிக்கச் சொல்ல வேண்டியதில்லை, அசல் அவர்கள் போனிலேயே இருக்கும்.

கடைசித் தேதியைச் சொல்லும்போது கொஞ்சம் முன்தள்ளிச் சொல்வதுதான் நல்லது. அதற்கு முன் எந்த நாள் பிறந்தநாள் என்பதையே விசாரித்துக்கொள்ள வேண்டும். ஆச்சியின் ஆதாரில் இருப்பது யாரோ குத்துமதிப்பாகப் போட்ட தேதி. அந்தத் தேதியில் வாழ்த்தினால் "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்பார். அவருக்குத் தெரிந்தது ஆனி அனுஷம். பஞ்சாங்கத்தைப் பார்த்து நாளை உறுதி செய்துகொண்டு, அதற்குப் பத்து நாள் முன்பே கிளிப்கள் வந்தாக வேண்டும் என்று பேத்தி கெடு வைத்தார். ஒன்பது பேர் கெடுவுக்குள் அனுப்பினார்கள், மூன்று பேருடையவை ஐந்து நாள் தாமதமாக வந்தன. அதற்கும் இடமிருந்தது.

பன்னிரண்டும் வந்தபிறகு பேத்தி கணினியைத் திறக்கவில்லை. பன்னிரண்டு துண்டுச் சீட்டுகளை வெட்டினார். ஒவ்வொரு கிளிப்பையும் கேட்டு, பேசியதைப் பேசியபடியே சீட்டில் எழுதினார். எடுக்கப்போகும் வரி எத்தனையாவது விநாடியில் தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் ஓரத்தில் குறித்தார். ஆவணப்பட எடிட்டர்கள் காகிதத்திலேயே படத்தை வெட்டிப் பார்க்கும் பழைய முறை இது. மொத்த வேலைக்கு ஒரு மாலைப்பொழுது போதும். சீட்டுகளைத் தரையில் பரப்பி இடம் மாற்றிப் பார்ப்பது, கணினித் திரையில் கோப்புகளை இழுத்துக்கொண்டிருப்பதைவிடப் பல மடங்கு வேகம்.

வரிசை என்று வந்தால் குடும்பத்தில் வருத்தங்கள் கிளம்பும். மூத்தவர் முதலில் என்று வைத்தால் குழந்தைகள் கடைசிக்குப் போவார்கள், அதற்குள் ஆச்சிக்கு அயர்ச்சி வந்துவிடும். குழந்தையை முன்னே வைத்தால் "பெரியவங்களுக்கு மரியாதை இல்லையா" என்ற பேச்சு வரும். சீட்டுகளைப் படித்துப் பார்த்தபோது வேறொரு ஒழுங்கு தென்பட்டது. நான்கு பேர் அடுப்படியைப் பற்றிப் பேசியிருந்தார்கள், மூன்று பேர் திண்ணையை, மூன்று பேர் ஆற்றை, இரண்டு பேர் ரயிலடியை. ஆகவே ஆச்சியின் ஒரு நாள் எப்படிப் போகுமோ அப்படியே வரிசை அமைந்தது. காலையில் ஆறு, பிறகு அடுப்படி, மத்தியானத்துக்கு மேல் திண்ணை, கடைசியில் வழியனுப்ப ரயிலடி. யார் மூத்தவர், யார் இளையவர் என்ற கேள்வியே எழவில்லை. மூத்த பெரியப்பாவின் ரயில் கதை, யாரும் திட்டமிடாமலே, நிறைவான இடத்தில் போய் உட்கார்ந்தது.

இப்படி உருவான ஸ்கிரிப்டின் நடுப்பகுதி கீழே. காட்சியும் ஒலியும் ஒவ்வொரு வரியிலும் தனித்தனியாக இருப்பதைக் கவனிக்கலாம்.

1:50. காட்சி: மும்பை அடுப்படி. பேத்தி முகம், பக்கத்தில் சொதிச் சட்டி. ஒலி: "ஆச்சி, நான் உங்க மக வயித்து மூத்த பேத்தி, மும்பைலேர்ந்து. நீங்க சொல்லித்தந்த மாதிரிதான் சொதி வைக்கேன். கடைசில கெட்டிப் பால் ஊத்துனதும் திரிஞ்சு போகுது. எங்க ஆச்சி தப்புப் பண்றேன்?"

2:10. காட்சி: சட்டி மட்டும், ஐந்து விநாடி. ஒலி: பேச்சு இல்லை, சட்டியின் மெல்லிய கொதி மட்டும்.

2:15. காட்சி: டாலஸ் சமையல் மேடை, குழந்தை கையில் அப்பளம். ஒலி: கடிக்கும் சத்தம். சின்ன இடைவெளி. "பெரிய ஆச்சி, இன்னும் ஒண்ணு!"

2:27. காட்சி: பழைய புகைப்படம், ஆச்சி வீட்டு மொட்டைமாடியில் காயும் வடகம். ஐந்து விநாடி. ஒலி: எதுவும் இல்லை.

இந்த வெற்று ஐந்து விநாடிகள் முதல் வடிவத்தில் இருக்கவில்லை. முதலில் ஒட்டியபோது ஒரு முகம் முடிந்த கணமே அடுத்த முகம் வந்தது. இளையவர்கள் பார்த்துவிட்டு விறுவிறுப்பாக இருக்கிறது என்றார்கள். அதை ஊருக்கு அனுப்புவதற்கு முன் மயிலாப்பூரில் இருக்கும் ஆச்சியின் தங்கைக்குப் போட்டுக் காட்டினார் பேத்தி. வயது 76, காதில் இலேசான மந்தம். மும்பைப் பேத்தி திரையிலிருந்து கேட்ட கேள்விக்குச் சின்ன ஆச்சி உடனே பதில் சொல்லத் தொடங்கிவிட்டார். "ஏட்டி, கெட்டிப் பால ஊத்தி ஏன் கொதிக்க விடுதே? ஊத்துனதும் எறக்கிறணும்." அவர் சொல்லி முடிப்பதற்குள் அப்பளமும் குழந்தையும் வந்து போயிருந்தன. "யாரோ வந்துட்டுப் போச்சே, யாரது?" என்று கேட்டார்.

வயதானவர்கள் டிவியோடு பேசுவது நமக்குத் தெரிந்ததுதான். சொந்தப் பேத்தியின் முகம் கேள்வி கேட்டால் பேசாமல் இருப்பார்களா? அதனால் ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் பதில் சொல்லி முடிக்க இடம் விட வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் புது முகமும் புதுப் பேச்சும் இருக்கக் கூடாது. கறுப்புத் திரை விட்டால் கரண்டு போய்விட்டதென்று எழுந்துவிடுவார்கள். அசையாத புகைப்படம், அதுவும் அந்தப் பேச்சோடு தொடர்புள்ள புகைப்படம், நன்றாகப் பொருந்துகிறது. எவ்வளவு நேரம் விடுவது என்பதற்கு ஒரே அளவுகோல்தான். அந்தக் கேள்விக்கு ஆச்சியாக இருந்து ஒரு பதிலை நிதானமாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, அதை விநாடியில் எண்ண வேண்டும். சொதிக் கேள்விக்கு ஐந்து விநாடி ஆனது.

சின்ன ஆச்சி இன்னொரு குறையையும் காட்டிக்கொடுத்தார். பேச்சுக்கு அடியில் மெல்லிய வீணை இசை ஓடிக்கொண்டிருந்தது. "பாட்டு நல்லாருக்கு, அந்தப் பையன் என்ன சொல்லுதான்?" என்றார். முதுமையில் காது மந்தமாகும்போது உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் போகும். பேச்சில் சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் ச, ஸ, த போன்ற மெய்யொலிகளில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. குழந்தைகளின் கீச்சுக்குரலும் அந்தப் பக்கமே. குரல் கேட்கும், சொல் பிரியாது. அதன்மேல் இசையையும் போர்த்தினால் மிச்சமிருப்பதும் மூடிப்போகும். சத்தத்தைக் கூட்டுவதால் இது சரியாகாது, இசையை எடுத்துவிட்டால்தான் சரியாகும். பேத்தி வீணையைத் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நகர்த்தினார்.

கிளிப்புக்குக் கிளிப் சத்தம் ஏறி இறங்குவதைச் சரிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. முழு வீடியோவையும், பேச்சு மட்டுமட்டாகக் காதில் விழும் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து ஓட விட வேண்டும். எந்த ஆள் வரும்போது பேச்சே காணாமல் போகிறதோ, அந்தக் கிளிப்பைக் கூட்ட வேண்டும். எவர் மட்டும் தூக்கலாகக் கேட்கிறாரோ, அவரைக் குறைக்க வேண்டும். இந்த வீடியோவில் சிங்கப்பூர் அத்தை அப்படிக் காணாமல் போனார், துபாய்ப் பேரன் தூக்கலாக நின்றான்.

எல்லோரும் சேர்ந்து வாழ்த்துப் பாடுவதாக முடிக்கலாம் என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு யோசனை வந்தது. தனித்தனியே பாடி அனுப்பியதை ஒட்டினால் ஆளுக்கொரு சுருதி, ஆளுக்கொரு வேகம் என்று இரைச்சலாகத்தான் வரும். 2010இல் அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர் 12 நாடுகளைச் சேர்ந்த 185 பேரை வீட்டிலிருந்தபடியே பாடவைத்து ஒரே பாடலாகச் சேர்த்தார். அது ஒட்டியதற்குக் காரணம், அத்தனை பேரும் அவருடைய ஒரே வழிகாட்டு வீடியோவைப் பார்த்து, அதன் பியானோவை இயர்போனில் கேட்டுக்கொண்டே பாடியது. குடும்பத்திலும் அதைச் செய்யலாம். ஒருவர் பாடிப் பதிவுசெய்து எல்லோருக்கும் அனுப்ப வேண்டும், மற்றவர்கள் அதை இயர்போனில் கேட்டபடி இன்னொரு போனில் பாட வேண்டும். பன்னிரண்டு பேரில் ஏழு பேரிடம் இரண்டாவது போன் கைவசம் இல்லை என்று தெரிந்ததும் பேத்தி அந்த யோசனையைக் கைவிட்டார்.

தாத்தாவின் படத்தைச் சேர்ப்பதா என்பதுதான் அதிக நேரம் எடுத்த முடிவு. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. விட்டால் குறையாகப் படும், வைத்தால் ஆச்சி அழக்கூடும். வைக்கலாம் என்றே முடிவானது. ஆனால் வீடியோவின் கடைசியில் வைக்கவில்லை. திண்ணைப் பகுதியின் நடுவில், தாத்தா ஈஸிசேரில் பேப்பர் படிக்கும் புகைப்படம், ஆறு விநாடி. அடுத்த கிளிப்பில் பேரன் அவரைப்போலவே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் காட்டுகிறான். கண் கலங்கினாலும் அடுத்த கணம் பேரன் கையில் அது சிரிப்பாக மாறிவிடும். அன்றைக்குக் கூட இருக்கப்போகிற பக்கத்து வீட்டு அக்காவிடம், இந்தப் படம் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள்.

அந்த அக்காவின் வீட்டுப் பெண்தான் டிவியில் பென் டிரைவைச் செருகப்போகிறவள். இங்கேதான் பல குடும்பங்களின் உழைப்பு கடைசி நிமிடத்தில் முட்டி நிற்கும். புதிய போன்களில் பல ஹெச்.265 என்ற முறையில் வீடியோவைச் சேமிக்கின்றன. பழைய டிவிகளில் பலவற்றுக்கு அது புரியாது. சத்தம் வரும், படம் வராது. அல்லது இந்தக் கோப்பை இயக்க முடியாது என்று திரையில் எழுதிக் காட்டும். எடிட்டிங் செயலியில் முடிவில் ஹெச்.264, எம்பி4 என்று தேர்ந்து சேமித்தால் பெரும்பாலும் ஓடிவிடும். பேத்தி அந்த "பெரும்பாலும்" என்பதை நம்பவில்லை. பத்து விநாடிக்கு ஒரு மாதிரிக் கோப்பு செய்து, ஒரு வாரம் முன்பே அந்தப் பெண்ணுக்கு அனுப்பி, ஆச்சி வீட்டு டிவியிலேயே ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அதில் குடும்பத்தார் யாரும் இல்லை, சென்னை வீட்டு ஜன்னல் மட்டும்தான், விஷயம் வெளியே போகாமலிருக்க. டிவிப் பெட்டியின் சத்தம் எத்தனையில் வைத்தால் ஆச்சி உட்காரும் நாற்காலிக்குத் தெளிவாகக் கேட்கிறது என்பதையும் அந்தப் பெண்ணே குறித்துக்கொண்டாள். 28.

ஆனி அனுஷத்தன்று சாயங்காலம் விளக்கேற்றியபிறகு வீடியோ ஓடியது. ஆச்சிக்கு வலது காது பரவாயில்லை என்பதால் நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் டிவியை அல்ல, ஆச்சியைத் தன் போனில் படம் பிடித்தாள். அதுவும் ஸ்கிரிப்டில் எழுதியிருந்ததுதான்.

அந்தப் பதிவு இரவே பன்னிரண்டு பேருக்கும் போய்ச் சேர்ந்தது. செருப்புக் கதைக்கு ஆச்சி சிரிக்கிறார். தாத்தா படத்துக்கு முந்தானையை எடுக்கிறார், கண்ணாடியை ஏற்றிய பேரனைப் பார்த்ததும் அதைக் கீழே விடுகிறார். சொதிச் சட்டி மட்டும் தெரிகிற அந்த ஐந்து விநாடியில் தங்கை சொன்னதையேதான் சொன்னார், கூடவே இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்: "ஊத்துனதும் எறக்கிரு. எலுமிச்சம்பழம் ஆறுன பிறகு பிழி, சூட்டுல பிழிஞ்சாலும் திரியும்." மும்பைப் பேத்தி மறுநாள் அப்படியே செய்து, சட்டியைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார்.